பள்ளி நேரத்தில் இரண்டு மணி நேரம்: வீட்டிலிருந்து இட்லிப் பொடி விற்பது கட்டுப்படியாகுமா?

தாமரைக்குளம் (திண்டுக்கல்)
அனைவருக்கும் வணக்கம். குழந்தைகள் இருவரும் ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். சமையல், மாமியாருக்கு மருந்து, துணி எல்லாம் முடிந்து 10.30 முதல் 12.30 வரை மட்டும் நேரம் என் கையில் இருக்கிறது. அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடைக்காது. கையில் 5,000 ரூபாய் சேமிப்பு உண்டு. வீட்டிலேயே இருந்து ஏதாவது சம்பாதிக்க வேண்டும். என் இட்லிப் பொடியை உறவினர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதையே விற்கலாமா என்று யோசிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா 100 கிராம் 40 ரூபாய்க்குக் கொடு, நிறையப் பேர் வாங்குவார்கள் என்கிறார். இது கட்டுப்படியாகுமா? இரண்டு மணி நேரத்தில் முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை
பொடி அரைப்பதெல்லாம் கை வலிக்கும் வேலை சகோதரி. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை கொடுக்கிறார்கள். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவார்களாம். என் நண்பரின் மனைவி சேர்ந்திருக்கிறார்.

பழனிச்சாரல்
தயவுசெய்து அதில் சேர வேண்டாம். வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தர வேண்டும், நம்மிடம் வாங்கக் கூடாது. இந்த வகையில் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். வேலையை முடித்து அனுப்பியதும் பிழை அதிகம் என்று சொல்லி அபராதம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வழக்குப் போடுவோம் என்று தொலைபேசியில் மிரட்டுவதும் உண்டு. நெல்லைச்சீமை, உங்கள் நண்பரின் மனைவி இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். கட்டிவிட்டார் என்றால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

தமிழாசான் (ஓய்வு)
அம்மா, மாலையில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்து டியூஷன் எடுங்கள். முதலீடே வேண்டாம். நான் பணி ஓய்வுக்குப் பிறகு அதைத்தான் செய்கிறேன்.

தாமரைக்குளம் (திண்டுக்கல்)
ஐயா, மாலையில் எனக்கு நேரமே இல்லை. காலை 10.30 முதல் 12.30 வரைதான். அந்த நேரத்தில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருப்பார்கள்.

தமிழாசான் (ஓய்வு)
மன்னிக்கவும், நேரத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் அந்த நேரத்துக்கும் மாணவர்கள் உண்டு. நமக்குக் காலை 10.30 என்றால் சிட்னி, மெல்போர்னில் பிற்பகல் மூன்று மணி, அவர்களுடைய கோடைக்காலத்தில் நான்கு மணி. அங்குள்ள தமிழ்க் குழந்தைகள் பள்ளி விட்டு வீடு திரும்பும் நேரம் அது. இணையவழியில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வள்ளி (விருதுநகர்)
தாமரை, நான் பல ஆண்டுகளாக வீட்டில் பொடி செய்து விற்கிறேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி இரண்டு மட்டும்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பொருந்தும் தொழில் எது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர முடியுமா? மாவு அரைத்து விற்பது அப்படி முடியாது. ஊறுவதும் புளிப்பதும் நம் நேரத்துக்குக் காத்திருக்காது, வாடிக்கையாளருக்கும் மாலையில்தான் வேண்டும். பொடியை மூன்று காலைகளாகப் பிரிக்கலாம். ஒரே காலையில் வறுத்து, அரைத்து, அடைத்து முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கை வேலை முடிந்துவிடும், சூடு ஆறாது. சூட்டோடு அரைத்தால் பொடி மிக்ஸியில் அப்பிக்கொள்ளும். சூட்டோடு அடைத்தால் பாக்கெட்டுக்குள் ஆவி நீராகி ஒட்டும், நாளடைவில் பூசணம் வரும்.

முதல் காலை பருப்பு புடைப்பது, கல் பொறுக்குவது, மிளகாய்க் காம்பைக் கிள்ளி வெயிலில் போடுவது. ஒரு மணி நேரம் போதும். மிளகாயை வெயில் இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் காலை வறுப்பது. கடாய் காய்ந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். உளுந்து வெளியே சிவந்துவிடும், உள்ளே பச்சையாக இருக்கும். நான்கைந்து பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மொறுக்கென்று உடைய வேண்டும், நாக்கில் மாவு வாடை வரக் கூடாது. எள்ளைக் கடைசியில் போடுங்கள். வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், அரை நிமிடம் தாமதித்தாலும் அந்தப் பொடி முழுவதும் கசக்கும். உப்பைக் கல் உப்பாக வாங்கி அதையும் ஈரம் போக வறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறியதும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாம் காலை அரைப்பது. பருப்பையும் மிளகாயையும் முதலில் அரைத்துவிட்டு, எள்ளைக் கடைசியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். அரைத்த பொடியும் சுடும். அதை மறுபடி பரப்பிவிட்டு, அது ஆறும் நேரத்தில் லேபிள் ஒட்டுங்கள். பிறகு அடைக்கலாம்.

இளங்கோ_சேலம்
வள்ளி அக்கா சொன்னது செய்முறை. சட்டத்தையும் சொல்ல வேண்டும். உணவுப் பொருள் விற்றால் ஜிஎஸ்டி கட்டாயம். அதை வாங்காமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆலைகளுக்குத்தான், வீட்டில் செய்பவர்களுக்குத் தேவையில்லை.

வள்ளி (விருதுநகர்)
இளங்கோ தம்பி, அது நேர்மாறாக இருக்கிறது. வீட்டில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு உரிமம் இல்லை, பதிவு மட்டும். foscos.fssai.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படமும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். 14 இலக்க எண் ஒன்று வரும், அதை லேபிளில் போட வேண்டும்.

ஜிஎஸ்டி அப்படியல்ல. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. நம்மைப் போன்றவர்கள் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டோம்.

மேகலை_பெங்களூர்
அப்படியென்றால் நான் இங்கிருந்து உங்களிடம் வாங்கலாமா தாமரை? கூரியர் செலவை நான் தருகிறேன். இங்கே கிடைக்கும் பொடி எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இளங்கோ_சேலம்
வள்ளி அக்கா, பதிவு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேகலை கேட்பதில் சிக்கல் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் அந்த 40 லட்சக் கணக்கு செல்லாது. முதல் விற்பனையிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். என் அலுவலகத்தில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எல்லாருக்கும் கட்டாயம் என்று எழுதிவிட்டேன்.

வள்ளி (விருதுநகர்)
அது சரிதான் தம்பி. தாமரை, முதலில் திண்டுக்கல்லை விட்டு வெளியே போக வேண்டாம். மேகலை ஊருக்கு வரும்போது கையில் வாங்கிப் போகட்டும்.

நாகூர் ஃபாத்திமா
என் கதையைக் கேளுங்கள். நானும் இட்லிப் பொடி செய்து தெருவில் கொடுத்துவந்தேன். கார்த்திகை மழையில் செய்த பொடி எல்லாம் பத்து நாளில் கட்டியாகிவிட்டது. ஒரு மாதம் ஆனதும் எண்ணெய்க் காறல் வாடை வந்தது என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தார். நான் வறுக்கும்போது நல்லெண்ணெய் விடுவேன், அப்போதுதான் மணம் வரும். மெல்லிய கண்ணாடிப் பை, மெழுகுவத்தியில் ஒட்டுவது. எங்கே கோளாறு அக்கா?

வள்ளி (விருதுநகர்)
ஃபாத்திமா, கட்டியானது வேறு, காறல் வந்தது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கட்டிக்குக் காரணம் ஈரம். கடலோர ஊர், மழைக்காலம், மெல்லிய பை. வறுத்த பருப்பு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். மழை நாளில் வறுத்தவுடன் ஆற வைத்து டப்பாவில் மூடுங்கள். அரைத்த அன்றே அடையுங்கள். மெழுகுவத்தி ஒட்டில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். அடைத்த பையைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை. கையில் அழுத்தி ஒட்டும் சிறிய சீலிங் இயந்திரம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

காறலுக்குக் காரணம் எண்ணெய். எள்ளிலேயே எண்ணெய் இருக்கிறது, வறுக்கும்போது விட்டதும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது கெடத்தான் செய்யும். விற்பனைக்கு வெறும் கடாயில் வறுங்கள். உள்ளே வெள்ளித் தாள் பூசிய தடித்த பையில் அடையுங்கள்.

பழனிச்சாரல்
வெறும் கடாயில் வறுத்தால் அந்த மணம் வராது அக்கா. என் அம்மா ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத்தான் மிளகாய் வறுப்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் காறல் தெரிந்ததே இல்லை.

வள்ளி (விருதுநகர்)
வீட்டில் செய்வது இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், காறல் வர நேரமே இருக்காது. விற்ற பாக்கெட் ஒருவர் அலமாரியில் இரண்டு மாதம்கூட இருக்கும். ஆனாலும் மணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆர்டர் வாங்கி அந்த வாரமே கொடுப்பவர்கள் எண்ணெய் விட்டே செய்யலாம். நான் விடுவதில்லை.

தாமரைக்குளம் (திண்டுக்கல்)
எல்லாருக்கும் மிக்க நன்றி. செய்முறை புரிந்தது. ஆனால் விலைதான் இன்னும் குழப்பமாக இருக்கிறது. 40 ரூபாய் போதுமா?

வள்ளி (விருதுநகர்)
வாருங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம். எங்கள் ஊர்ச் சில்லறை விலையில் போடுகிறேன், உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உளுந்து 1 கிலோ 130 ரூபாய். கடலைப்பருப்பு அரை கிலோ 50. வரமிளகாய் 200 கிராம் 44. எள் 200 கிராம் 48. பெருங்காயம் 20 கிராம் 30. கல் உப்பு 100 கிராம் 2. மொத்தம் 304 ரூபாய். கேஸும் மின்சாரமும் 25 என்று வையுங்கள். போட்ட சரக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல், வறுபட்டுச் சல்லடையிலும் மிக்ஸியிலும் போனது போக 1,900 கிராம் கைக்கு வரும். அதாவது 100 கிராம் பாக்கெட் 19. பைக்கும் லேபிளுக்கும் தலா 5 ரூபாய் என்றால் 95. ஆக 424 ரூபாய், பாக்கெட்டுக்கு 22 ரூபாய்க்குச் சற்று மேல்.

இதில் உங்கள் உழைப்பு இல்லை. மூன்று காலையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆகும். 40 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் பாக்கெட்டுக்கு 18, மொத்தம் ஏறத்தாழ 340. மணிக்கு 68 ரூபாய். அதே 40 ரூபாய்ப் பாக்கெட்டைக் கடையில் வைத்து, கடைக்காரர் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 32 வரும். மிச்சம் பாக்கெட்டுக்கு 10-க்குச் சற்றுக் கீழ். ஐந்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 185 ரூபாய். இரண்டு பாக்கெட் திரும்பி வந்தால் அதிலும் குறையும்.

60 ரூபாய் வைத்தால் நேரடி விற்பனையில் ஏறத்தாழ 720, கடை வழியாக 490 நிற்கும். எனவே 40 வேண்டாம். பின்னால் விலையை ஏற்றுவது மிகவும் கடினம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு உழைப்பின் கணக்கு தெரியாது, அவர் வாங்குபவராக நின்று சொல்கிறார்.

கடைத்தெரு (ஈரோடு)
மளிகைக் கடை வைத்திருக்கிறேன், கடைக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஐந்தில் ஒரு பங்கு என்று அக்கா சொன்னது நியாயமான கடைக்கு. நான்கில் ஒரு பங்கு கேட்பவர்களும் உண்டு. புதியவர் சரக்கை யாரும் காசு கொடுத்து வாங்கி வைக்கமாட்டோம். விற்ற பிறகு பணம், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் முதலில் ஐந்து பாக்கெட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை வந்து எண்ணிப் பாருங்கள்.

லேபிள் சரியில்லாத பாக்கெட்டை நான் வாங்குவதே இல்லை. அதிகாரி வந்தால் முதலில் கேள்வி எனக்குத்தான் வரும். பொருளின் பெயர், சேர்மானம், எடை, விலை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், உங்கள் முகவரி, தொலைபேசி, அந்த 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி இவையெல்லாம் இருக்க வேண்டும். எடைத் தராசு சமையலறைத் தராசாக இருக்கக் கூடாது, முத்திரையிட்ட தராசு வேண்டும். எடை 98 கிராம் இருந்தால் உங்கள் பெயர் போய்விடும்.

வள்ளி (விருதுநகர்)
நல்லவேளை, சேர்மானத்தைப் பற்றி எழுதினீர்கள். பெருங்காயத்தை வெறும் பெருங்காயம் என்று எழுதிவிட்டு விடாதீர்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் படியுங்கள். அப்படி இருந்தால் உங்கள் லேபிளிலும் கோதுமை இருப்பதைச் சொல்ல வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கும் வீட்டில் இட்லிப் பொடியை யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாவு மில்லில் கொடுத்து அரைத்தாலும் இதே கவலை உண்டு. நமக்கு முன்னால் அங்கே எதை அரைத்தார்கள் என்று தெரியாது.

தாமரைக்குளம் (திண்டுக்கல்)
இதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. என் டப்பாவைப் பார்த்தேன், மைதா என்று போட்டிருக்கிறது அக்கா. இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, எத்தனை நாள் கெடாது என்று போடுவது? இரண்டு, வாரம் பத்து மணி நேரம் இருக்கிறதே, இரண்டு முறை செய்தால் மாதம் எவ்வளவு வரும்?

நெல்லைச்சீமை
கடைப் பொடியில் ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். நீங்களும் அதையே போடலாமே. பழனிச்சாரல், நீங்கள் எழுதியதை நண்பருக்கு அனுப்பிவிட்டேன். அவர் மனைவி பாதிப் பணம் கட்டியிருக்கிறாராம். 1930-க்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வள்ளி (விருதுநகர்)
ஆறு மாதம் போட வேண்டாம். அவர்கள் அடைக்கும் முறை வேறு, பை வேறு. ஒவ்வொரு தடவையும் இரண்டு பாக்கெட்டை விற்காமல் எடுத்து வையுங்கள். ஒன்று அலமாரியில், இன்னொன்று அடுப்புக்குப் பக்கத்தில். வாரம் ஒருமுறை முகர்ந்து, கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கம் வைத்தது முதலில் காறும், அது உங்களுக்கு முன்னெச்சரிக்கை. நான் 45 நாள் என்று போட்டுத் தொடங்கினேன். பூண்டு, கறிவேப்பிலை சேர்த்த பொடிக்கு அதையும் போடாதீர்கள், அவற்றில் ஈரம் முழுதாகப் போவது கடினம்.

வருமானத்தை உள்ளபடி சொல்கிறேன். வாரம் இரண்டு முறை செய்து எல்லாவற்றையும் நேரடியாகவே விற்றால் மாதம் 150 பாக்கெட், கையில் 5,700 வரை நிற்கும். ஆனால் அப்போது பத்து மணி நேரமும் செய்வதற்கே போய்விடும். வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, பாக்கெட் கொண்டுபோய்க் கொடுப்பது, பருப்பு வாங்குவது எல்லாம் எந்த நேரத்தில்? தொடக்கத்தில் வாரம் ஒரு முறை செய்து மீதி நேரத்தை விற்பதற்கு வையுங்கள். மாதம் 2,800க்குச் சற்று மேல் நிற்கும், வாடிக்கையாளர் கூடக்கூட ஏறும். ஒரே தடவையில் 4 கிலோ செய்யலாமே என்று தோன்றும். சாதாரண மிக்ஸி தாங்காது. சூடேறி நின்றுவிடும், அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இரண்டு ஜார் அரைத்தால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

கடைத்தெரு (ஈரோடு)
அக்கா சொல்வதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நேரடி விற்பனை உறவுக்காரர்களோடு நின்றுவிடும். இரண்டு மாதத்தில் எல்லார் வீட்டிலும் பொடி இருக்கும், பிறகு யார் வாங்குவார்கள்? லாபம் குறைந்தாலும் முதல் மாதமே இரண்டு கடையில் வைத்துவிட வேண்டும்.

வள்ளி (விருதுநகர்)
கடையில் வைத்தால் யார் வாங்கினார், ஏன் மறுபடி வாங்கவில்லை என்று நமக்குத் தெரியாதே. முதல் மூன்று மாதம் அந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. காரம் குறை, உப்பு கூட்டு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். உங்கள் ஈரோட்டில் வேறு மாதிரி இருக்கலாம்.

நாகூர் ஃபாத்திமா
அக்கா, தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். பத்துப் பையில் ஆறில் குமிழி வந்தது. சீலிங் இயந்திரம் வாங்கச் சொல்லிவிட்டேன். எண்ணெய் விடாமல் கொஞ்சம் வறுத்தும் வைத்திருக்கிறேன், இரண்டையும் ஒரு மாதம் கழித்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

தாமரைக்குளம் (திண்டுக்கல்)
இன்று பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். எண் வந்த பிறகுதான் லேபிள் அடிக்கப் போகிறேன். விலை 60. பக்கத்து வீட்டு அக்காவிடம் கணக்கைக் காட்டினேன், முதல் இரண்டு பாக்கெட் அவருக்குத்தான் வேண்டுமாம். கடையா நேரடியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு மாதம் தெருவுக்குள் விற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கடையில் ஐந்து பாக்கெட் வைக்கலாம் என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில் வெயிலே இல்லாதபோது மிளகாயை என்ன செய்வீர்கள் அக்கா?

வள்ளி (விருதுநகர்)
பங்குனி, சித்திரை வெயிலிலேயே மழைக்காலத்துக்கும் சேர்த்துக் காயவைத்து டப்பாவில் இறுக்கி மூடிவிடுவேன். அது தீர்ந்துவிட்டால் வறுக்கும் நாளன்று காலையில் இரும்புக் கடாயை நன்றாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, மிளகாயைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒன்றை மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒடிந்தால் வறுக்கலாம்.